கொட்டேஷன் டேபிள்ல டோட்டல் ஏன் இடிக்குது, மொத்தத் தள்ளுபடியை எங்க கழிக்கணும்

கேள்வி: "சின்னதா ட்ரேடிங் பண்றேன். ஷீட்ல கொட்டேஷன் டேபிள் போட்டு வச்சிருக்கேன், அளவு, விலை, தள்ளுபடி, வரி, கிராண்ட் டோட்டல் எல்லாம் இருக்கு. ஆனா கஸ்டமர் கால்குலேட்டர்ல கூட்டிப் பாத்தா கடைசி ரெண்டு இலக்கத்துல இடிக்குது. அதுக்கு மேல 'மொத்தத்துல கொஞ்சம் கொறைச்சுக்கங்க'ன்னு கேட்டா வரிக் கணக்கே குழம்பிடுது. எப்படி சரியா அமைக்கறது?"

நான் பல வருஷமா சின்ன வியாபாரிங்களுக்குக் கணக்கு எழுதறவன். கொட்டேஷன், பில், ரிட்டர்ன் மூணும் என் கையில தான் வரும், அதனால கொட்டேஷன்ல செஞ்ச தப்பு கடைசியில எங்க போய் வெடிக்கும்னு ஓரளவு தெரியும். உங்ககிட்ட இருக்கறது ரெண்டு தனித்தனி பிரச்சினை, ஒண்ணு ரவுண்டிங், இன்னொண்ணு தள்ளுபடியை எந்த இடத்துல கழிக்கறதுங்கறது. ரெண்டையும் ஒரே டேபிள்ல போட்டே காட்டறேன். பேச்சுல குழப்பம் வராம இருக்க, டேபிளோட ஒரு வரிசையை 'லைன்'னு சொல்றேன், 'வரி'ன்னு சொன்னா கவர்மெண்டுக்குக் கட்டறது மட்டும்தான்.

மொதல்ல அந்த ரெண்டு இலக்க இடி. ஒரே ஒரு லைன் எடுத்துக்கங்க. அளவு 7, விலை 18.45, தள்ளுபடி 5%, வரி 12% (இது சும்மா உதாரணத்துக்கு, உங்க சரக்குக்கு என்ன ரேட்டோ அதைப் போட்டுக்கங்க). 7 பெருக்கல் 18.45 வந்து 129.15. அதுல 5% தள்ளுபடி 6.4575. கழிச்சா 122.6925. அதுக்கு 12% வரி 14.7231. ரெண்டையும் கூட்டினா 137.4156. இப்ப ஷீட்ல செல்லை ரெண்டு தசமத்துக்கு ஃபார்மட் பண்ணி வச்சிருப்பீங்க இல்லையா, அப்ப பிரிண்ட்ல என்ன தெரியும்னா தள்ளுபடி போக 122.69, வரி 14.72, மொத்தம் 137.42. கஸ்டமர் 122.69-ஐயும் 14.72-ஐயும் கூட்டினா 137.41 தான் வரும். ஒரே லைன்லயே இடிச்சுடுச்சு, இதுமாதிரி இருபது லைன் இருந்தா கீழ டோட்டல்ல அது இன்னும் பெருசா தெரியும். ஷீட் தப்பாக் கூட்டலை, உங்க கண்ணுக்குக் காட்டறது ஒண்ணு, உள்ள வச்சுக் கூட்டறது வேற ஒண்ணு. ஃபார்மட்ங்கறது வெறும் சட்டை தான், உள்ள இருக்கற நம்பர் மாறாது.

இதுக்கு வழி, காசாக் காட்டற ஒவ்வொரு செல்லையும் அந்தந்த இடத்துலயே `ROUND` போட்டு ரெண்டு தசமத்துல நிறுத்திடறது. அடுத்த கணக்கு அந்த ரவுண்ட் பண்ணின நம்பர்ல இருந்து தான் கிளம்பணும். நான் வைக்கற காலம் வரிசை இதுதான்: A பொருள், B அளவு, C அலகு, D விலை, E தள்ளுபடி சதவீதம், F தள்ளுபடித் தொகை, G தள்ளுபடி போக, H மொத்தத் தள்ளுபடியில இந்த லைனோட பங்கு, I வரிக்குரிய தொகை, J வரி சதவீதம், K வரித் தொகை, L லைன் மொத்தம். H எதுக்குன்னு கொஞ்சம் கீழ வரேன், இப்போதைக்கு அது சைபர்னு வச்சுக்கங்க. ரெண்டாவது லைன்ல இருந்து பொருள் ஆரம்பிக்குதுன்னா ஃபார்முலா இப்படி:

```
F2: =ROUND(B2*D2*E2,2)
G2: =ROUND(B2*D2-F2,2)
I2: =ROUND(G2-H2,2)
K2: =ROUND(I2*J2,2)
L2: =ROUND(I2+K2,2)
```

இப்ப அதே லைன்ல தள்ளுபடி 6.46, தள்ளுபடி போக 122.69, வரி 14.72, மொத்தம் 137.41. கஸ்டமர் எந்தக் கால்குலேட்டர்ல தட்டினாலும் அதே தான் வரும். வெறும் கழித்தல் கூட்டலுக்கு எதுக்கு `ROUND`ன்னு கேக்கலாம், கம்ப்யூட்டர் தசமத்தை பைனரில வச்சுக்கறதால எங்கயோ பத்து இலக்கம் தாண்டி ஒரு தூசி ஒட்டிக்கும், பின்னாடி "ரெண்டு டோட்டலும் சமமா"ன்னு செக் பண்றப்ப அந்தத் தூசி தான் "இல்லை"ன்னு சொல்ல வைக்கும், அதுக்காகத்தான். இன்னொரு விஷயம், எக்செல் செட்டிங்ஸ்ல `Set precision as displayed`னு ஒண்ணு இருக்கு, சிலர் அதை ஆன் பண்ணச் சொல்வாங்க. வேணாம். அது அந்த ஃபைல்ல நீங்க டைப் பண்ணி வச்ச நம்பரோட உள் இலக்கத்தையே நிரந்தரமா வெட்டிடும், அப்புறம் ஆஃப் பண்ணினாலும் திரும்பி வராது.

சரி, இப்ப மூணு லைனா ஆக்கலாம். ரெண்டாவது சரக்கு அளவு 12, விலை 26.30, தள்ளுபடி கிடையாது, வரி 5%. தொகை 315.60, வரி 15.78, மொத்தம் 331.38. மூணாவது அளவு 3, விலை 64.90, தள்ளுபடி 10%, வரி 12%. 194.70-ல 19.47 போக 175.23, வரி 21.03, மொத்தம் 196.26. கீழ கூட்டினா வரிக்குரிய தொகை 613.52, வரி 51.53, கிராண்ட் டோட்டல் 665.05. கிராண்ட் டோட்டலை ரெண்டு வழில கூட்டலாம், L காலத்தை மேல இருந்து கீழ கூட்டினாலும் 665.05, கீழ இருக்கற 613.52-ஐயும் 51.53-ஐயும் பக்கவாட்டுல கூட்டினாலும் 665.05. இந்த ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பிரிண்ட் ஏரியாவுக்கு வெளிய ஒரு செல்ல செக் வச்சுக்கங்க, அது சைபர் காட்டலைன்னா கொட்டேஷனை அனுப்பாதீங்க:

```
=ROUND(SUM(L2:L4)-SUM(I2:I4)-SUM(K2:K4),2)
```

இப்ப வர்றது தான் கேள்வியோட கனமான பாதி. கஸ்டமர் பாத்துட்டு "மொத்தத்துல ஒரு 50 கொறைச்சுக்கங்க"ங்கறார். பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா, கிராண்ட் டோட்டலுக்குக் கீழ ஒரு லைன் சேத்து 'தள்ளுபடி 50'ன்னு போட்டு 665.05-ல இருந்து கழிச்சு 615.05னு முடிச்சுடறாங்க. பாக்க சுத்தமா இருக்கும். ஆனா மேல வரி 51.53-னே நிக்குது, அதாவது நீங்க வாங்காத காசுக்கும் சேத்து வரி காட்டி இருக்கீங்க. பில்லும் அப்படியே போட்டா அந்த 51.53-ஐ முழுசாக் கட்டணும், 50-உம் முழுக்க உங்க லாபத்துல இருந்து போகும். ஜிஎஸ்டி, வேட் மாதிரி வரிகள்ல பொதுவா சரக்கு குடுக்கறதுக்கு முன்னாடியோ குடுக்கறப்பவோ ஒத்துக்கிட்டு பில்லுல காட்டின தள்ளுபடியைக் கழிச்ச தொகைக்குத்தான் வரி. பில் போட்டதுக்கு அப்புறம் குடுக்கற தள்ளுபடிக்கு வேற நிபந்தனை இருக்கும், அது நாட்டுக்கு நாடு மாறும், அதை டேபிளை வச்சு முடிவு பண்ண முடியாது, உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. கொட்டேஷன்ங்கறது பில்லுக்கு முன்னாடி வர்றதால இங்க பேசற தள்ளுபடி வரிக்கு மேல, அதாவது வரி போடறதுக்கு முந்தியே, கழியறதுக்கு வாய்ப்பு இருக்கு, அதைக் கோட்டை விடாதீங்க.

ஆனா வரிக்கு முந்திக் கழிக்கறதுன்னா எந்த லைன்ல கழிக்கறது? ஒரு லைனுக்கு 5%, இன்னொண்ணுக்கு 12%. 50-ஐ 12% சரக்குல மட்டும் கழிச்சா வரி நல்லாக் குறையும், 5% சரக்குல மட்டும் கழிச்சா கொஞ்சம் தான் குறையும். இஷ்டத்துக்கு ஒரு பக்கம் தள்ளினா நாளைக்கு கணக்கு பாக்கறவங்க கேள்வி கேக்க இடம் குடுக்கும். அதனால எல்லா லைனுக்கும் அதோட தொகைக்கு ஏத்த விகிதத்துல பிரிச்சுப் போடறது தான் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியற முறை. H காலம் இதுக்குத்தான். மொத்தத் தள்ளுபடியை N1 செல்ல போட்டீங்கன்னா:

```
H2: =ROUND($N$1*G2/SUM($G$2:$G$4),2)
H4: =ROUND($N$1*G4/SUM($G$2:$G$4),2)
H3: =ROUND($N$1-H2-H4,2)
```

மூணாவது ஃபார்முலா ஏன் வேற மாதிரி இருக்குன்னா, எல்லாத்தையும் தனித்தனியா ரவுண்ட் பண்ணினா பங்கெல்லாம் சேந்து சில சமயம் 49.99-ஓ 50.01-ஓ ஆயிடும். அதனால இருக்கறதுலயே பெரிய தொகை உள்ள லைனுக்கு மட்டும் விகிதம் போடாம 'மத்தவங்களுக்குப் போக மிச்சம்'னு குடுத்துடறது, அங்க ஒண்ணு ரெண்டு கூடக் குறைய ஆனாலும் உறுத்தாது. நம்ம டேபிள்ல பங்கு 10.00, 25.72, 14.28, கூட்டினா சரியா 50. வரிக்குரிய தொகை இப்ப 112.69, 289.88, 160.95, மொத்தம் 563.52. வரி 13.52, 14.49, 19.31, மொத்தம் 47.32. கிராண்ட் டோட்டல் 610.84.

இங்க நிறுத்திக் கவனிங்க. பழைய டோட்டல் 665.05, புது டோட்டல் 610.84, வித்தியாசம் 54.21. நீங்க குடுத்தது 50, ஆனா கஸ்டமருக்குக் குறைஞ்சது 54.21, அந்த மேல 4.21 வரில குறைஞ்சது. அப்ப கஸ்டமர் "50 கொறைங்க"ன்னு சொன்னப்ப எதை நினைச்சு சொன்னார்? பெரும்பாலும் அவர் கண்ணு கடைசி நம்பர்ல தான் இருக்கும், 665-ஐ 615 ஆக்கச் சொல்றார். அப்படின்னா நீங்க வரிக்கு முந்தி 50 குடுக்க வேண்டியதே இல்லை. எல்லா லைனையும் 615.05 வகுத்தல் 665.05, அதாவது ஏறக்குறைய 0.9248-ஆல பெருக்கினா வரிக்குரிய தொகை 113.47, 291.87, 162.06, மொத்தம் 567.40. வரி 13.62, 14.59, 19.45, மொத்தம் 47.66. கூட்டினா 615.06. நீங்க உண்மைல விட்டுக் குடுத்தது 613.52-க்கும் 567.40-க்கும் உள்ள வித்தியாசம், 46.12 தான். ஆக அதே கஸ்டமர், அதே 615, ஆனா கீழ லைன் போட்டுக் கழிச்சா உங்களுக்குச் செலவு 50, சரியாப் பிரிச்சா 46.12. ஷீட்ல செய்யறதுக்கு N1-ல கையால 46.12 போட்டாப் போதும், H காலம் மிச்சத்தைப் பாத்துக்கும். அந்த நம்பரை எடுக்க ஒரு குறுக்கு வழி: டோட்டல்ல குறைக்கச் சொன்ன தொகையை, தள்ளுபடிக்கு முந்திய வரிக்குரிய தொகையால பெருக்கி, பழைய கிராண்ட் டோட்டலால வகுக்கறது. 50 பெருக்கல் 613.52 வகுத்தல் 665.05, 46.13-க்கு ஒரு இழை கீழ வரும், அதுல ஒண்ணு கூடக் குறைய வச்சு டோட்டலைப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்.

615.05 கேட்டோம், 615.06 வந்துச்சே, அந்த ஒண்ணு? அதைத் துரத்திட்டுப் போகாதீங்க. ரெண்டு ரேட், மூணு ரவுண்டிங் இருக்கறப்ப கேட்ட நம்பரே எப்பவும் அச்சு அசலா விழும்னு உத்தரவாதம் கிடையாது. கிராண்ட் டோட்டலுக்கு மேல 'ரவுண்ட் ஆஃப்'னு தனியா ஒரு லைன் வச்சு மைனஸ் 0.01-னு வெளிப்படையாக் காட்டிடுங்க. முழு எண்ணா முடிக்கற பழக்கம் இருந்தாலும் இதே இடம் தான், 615.06-ஐ 615 ஆக்கினா ரவுண்ட் ஆஃப் மைனஸ் 0.06. டோட்டல் செல்லை தசமம் இல்லாம ஃபார்மட் பண்ணி மறைக்கறது மட்டும் வேணாம், மறுபடி அதே சட்டை கதை.

ஒரு சந்தேகமான இடம், இதுல ரெண்டு முறையும் நடைமுறைல உண்டு. வரியை லைன் லைனா ரவுண்ட் பண்றதா, இல்ல ஒரே ரேட் உள்ள சரக்கையெல்லாம் கூட்டி ஒரே தடவை வரி போட்டு ரவுண்ட் பண்றதா? மொத்தத் தள்ளுபடி போடறதுக்கு முந்தி நம்ம மூணு லைன்ல ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, தள்ளுபடி போட்டதுக்கு அப்புறம் 0.01 தான் இடிக்குது, அதனால பிரச்சினை பெருசாத் தெரியலை. ஆனா 20.20 தொகையில அஞ்சு லைன், எல்லாம் 12%னு வச்சுப் பாருங்க. லைன் லைனாப் போட்டா 2.42 வீதம் 12.10. கூட்டிப் போட்டா 101.00-க்கு 12.12. ரெண்டும் தப்பில்லை, ஆனா கொட்டேஷன் ஒரு முறையிலயும் பில்லிங் சாஃப்ட்வேர் இன்னொரு முறையிலயும் போட்டா கஸ்டமரோட பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் "கொட்டேஷனும் பில்லும் ஒத்துப் போகலை"ன்னு பில்லைத் திருப்பி அனுப்பிடும், பேமெண்ட் அங்கயே தொங்கும். உங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி அஞ்சு லைனை ஒருதடவை போட்டுப் பாருங்க, 12.10 வந்தா என் ஃபார்முலா அப்படியே சரி, 12.12 வந்தா K காலத்துல ரவுண்ட் பண்ணாம கீழ ரேட் வாரியா `SUMIF`ல கூட்டி அங்க வரி போட்டு ரவுண்ட் பண்ணுங்க, அப்ப லைன் மொத்தம்ங்கற காலத்தையே எடுத்துடறது நல்லது, இல்லைன்னா அது கிராண்ட் டோட்டலோட இடிக்கும்.

சதவீதத்துல வர்ற ரெண்டு தொல்லை. ஒண்ணு, "10 பிளஸ் 5 தள்ளுபடி"ன்னு பேசுவாங்க, அது 15 இல்லை. முதல்ல 10 போய் மிச்சத்துல 5 போகும், மொத்தம் 14.5%. E காலத்துல `=1-(1-10%)*(1-5%)`ன்னே போட்டுடுங்க, மனக்கணக்கு வேணாம். இன்னொண்ணு, சப்ளையர் குடுத்த விலை வரியோட சேத்த விலையா இருந்தா, 112-ல இருந்து 12% கழிச்சா 98.56 வரும், அது தப்பு, 1.12-ஆல வகுத்தா வர்ற 100 தான் அடிப்படை விலை. D காலத்துல எப்பவும் வரிக்கு முந்திய விலை தான்னு முடிவு பண்ணி, தலைப்புலயே 'வரி நீங்கலாக'ன்னு எழுதிடுங்க. அப்புறம் ஃபார்மட் இல்லாத செல்ல 12%க்கு பதிலா 12-னு டைப் பண்ணினா வரி சரக்குத் தொகையைப் போல பன்னெண்டு மடங்கா நிக்கும், சரக்கை விட வரி பெருசாத் தெரிஞ்சா முதல்ல அங்க பாருங்க.

அளவு காலத்துல நம்பர் மட்டும் தான் இருக்கணும், '12 பெட்டி'ன்னு ஒரே செல்ல எழுதினா பெருக்கல் `#VALUE!`னு கத்தும். அது பரவாயில்லை, கத்துதே. சத்தம் போடாத கேஸ் தான் மோசம், வேற எங்கிருந்தாவது காப்பி பண்ணி ஒட்டின தொகை டெக்ஸ்டா உக்காந்துக்கும், பாக்க நம்பர் மாதிரியே இருக்கும், `SUM` அதைக் கண்டுக்காமத் தாண்டிப் போயிடும். அலைன்மென்ட் எதுவும் குடுக்காத செல்ல நம்பர் வலது பக்கம் ஒட்டும், டெக்ஸ்ட் இடது பக்கம் ஒட்டும், அதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம். பெட்டி, டஜன், பீஸ் எல்லாம் C காலத்துல, D-ல இருக்கற விலையும் அதே அலகுக்குத் தான்னு ஒருதடவை பாத்துக்கங்க, டஜன் விலையை பீஸ் அளவோட பெருக்கின கொட்டேஷன் நெறைய பாத்திருக்கேன். டோட்டலுக்கு மேல புதுசா லைன் சேத்தா `SUM` அதை எடுக்காமப் போகலாம், அதனால கடைசிப் பொருளுக்கும் டோட்டலுக்கும் நடுவுல ஒரு காலி லைன் விட்டு அதையும் சேத்து `SUM` போட்டு வைங்க, H காலத்துலயும் செக் செல்லயும் வர்ற `SUM`லயும் அப்படியே, புதுசு எப்பவும் அந்தக் காலி லைனுக்கு மேல தான் நுழைக்கணும். லைனை நுழைச்சதும் மேல இருக்கற ஃபார்முலாவை இழுத்து விடுங்க, H-ல மிச்சம் எடுக்கற அந்த ஒரு லைன்ல மட்டும் புது லைனோட பங்கையும் கழிக்கற மாதிரி கையால மாத்திடணும்.

மொத்தத் தள்ளுபடியை லைன் லைனாப் பிரிக்கறதுல இன்னொரு லாபம் இருக்கு, அது ஆர்டர் வர்றப்ப தான் தெரியும். கஸ்டமர் மூணு சரக்குக்கும் ரேட் வாங்கிட்டு, ரெண்டாவது வேணாம், முதலும் மூணாவதும் மட்டும் அனுப்புங்கம்பார். தள்ளுபடி கீழ ஒட்டுமொத்தமா 50-னு இருந்தா அந்த 50 முழுசா வேணும்னு அவர் நிப்பார், கிடையாதுன்னு நீங்க நிப்பீங்க. பிரிச்சுக் காட்டி இருந்தா ரெண்டாவது லைனோட பங்கு 25.72, அது அந்தச் சரக்கோடயே போயிடும், மிச்சம் 24.28 தான் இந்த ஆர்டருக்கு. அந்த 50-ஐ மூணையும் சேத்து எடுத்தாத் தான் குடுப்பேன்னு நீங்க நினைச்சிருந்தா டேபிளுக்குக் கீழ அதையும் எழுதிடுங்க, விலை எந்தத் தேதி வரைக்கும் செல்லும்ங்கறதுக்குப் பக்கத்துலயே.